நீரா, சதையா: மார்பகக் கட்டியை ஸ்கேனில் பார்க்கும்போது செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

44 வயதுப் பெண் ஒருவரின் ஸ்கேனை எடுத்துக்கொள்வோம். பலரிடம் பார்த்ததைச் சேர்த்து நான் அமைத்த உதாரணம் இது. வலது மார்பில் ஒரு கட்டி விரலுக்குத் தட்டுப்படுகிறது என்று வந்தார். அல்ட்ராசவுண்டில் இரண்டு தெரிந்தன. 10 மணி நிலையில் 22 மி.மீ. அகலத்தில் ஒன்று, அவர் தொட்டு உணர்ந்தது இதைத்தான். 2 மணி நிலையில் 7 மி.மீ. அகலமும் 9 மி.மீ. உயரமுமாக இன்னொன்று, அது கைக்குத் தட்டுப்படவே இல்லை. வீட்டார் எல்லோரும் பெரியதைப் பற்றியே கேட்டார்கள். பெரியது வெறும் நீர்க்கட்டி. ஊசி வைத்துத் திசு எடுக்க வேண்டியது அந்தச் சின்னதில்தான்.

அளவை வைத்து இதைச் சொல்ல முடியாது. உள்ளே இருப்பது நீரா சதையா, வடிவம் எப்படி, விளிம்பு எப்படி, எந்தத் திசையில் வளர்ந்திருக்கிறது என்ற நான்கையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். அப்படிப் பார்க்கும்போது மூன்று அடையாளம் நல்லதாகவும் ஒன்று கெட்டதாகவும் இருந்தால், மூன்றுக்கு ஒன்று என்று கணக்குப் போடக்கூடாது. அந்த ஒரு கெட்ட அடையாளமே அடுத்து என்ன செய்வது என்பதை முடிவு செய்யும். கீழே வரும் ஒவ்வொன்றும் இந்த விதியிலிருந்துதான் கிளைக்கிறது.

ஸ்கேனுக்குப் படுக்கும்போது

*செய்யுங்கள்:* கட்டி தட்டுப்படும் இடத்தை உங்கள் விரலாலேயே டாக்டருக்குத் தொட்டுக் காட்டுங்கள். உட்கார்ந்தால்தான் தெரிகிறது என்றால் உட்கார்ந்தே காட்டுங்கள். அந்த இடத்தின் மேலேயே கருவியை வைத்துப் பார்த்து, "நீங்கள் சொன்ன இடத்தில் இருப்பது இதுதான்" என்று அவர் உறுதிப்படுத்த வேண்டும். பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டும் படங்களும் இருந்தால் மறக்காமல் கொண்டு போங்கள்.

*செய்யுங்கள்:* கையைத் தலைக்கு மேல் தூக்கி, லேசாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னால் அசையாமல் அப்படியே இருங்கள். அப்போதுதான் மார்பு நெஞ்சின் மேல் மெல்லியதாகப் பரவி, உள் அடுக்குகள் தோலுக்கு இணையாகப் படியும். வளர்ச்சித் திசையைச் சரியாகப் படிக்க இந்தப் படுக்கை மிக முக்கியம்.

*செய்யாதீர்கள்:* வலிக்கிறது, அதனால் பயமில்லை என்றோ, வலிக்கவில்லை, அதனால் புற்றுநோய்தான் என்றோ நீங்களாக முடிவு கட்டாதீர்கள். வயது 40-ஐத் தாண்டியிருந்தால், "ஸ்கேன் எடுத்தாயிற்று, மேமோகிராம் வேண்டாம்" என்றும் சொல்லாதீர்கள். நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளை மேமோகிராம் காட்டும் அளவுக்கு அல்ட்ராசவுண்ட் காட்டாது.

நீரா, சதையா

*செய்யுங்கள்:* எளிய நீர்க்கட்டி என்று சொல்ல எல்லா அடையாளங்களும் சேர்ந்து இருக்கின்றனவா என்று பாருங்கள். உட்பகுதி முழுக்கக் கறுப்பாக, ஒரு புள்ளி எதிரொலிகூட இல்லாமல் இருக்க வேண்டும். வட்டமாகவோ நீள்வட்டமாகவோ இருந்து, சுற்றுச் சுவர் கண்ணுக்கே தெரியாத அளவுக்கு மெல்லியதாக, கோடு கூர்மையாக இருக்க வேண்டும். கட்டிக்குப் பின்னால், அதாவது திரையில் அதற்குக் கீழே, பக்கத்துத் திசுவைவிடப் பளிச்சென்று ஒரு வெளிச்சப் பட்டை விழ வேண்டும்.

அந்த வெளிச்சம் எப்படி வருகிறது? ஒலி திசுவுக்குள் போகப் போகத் தேயும். அதை ஈடுகட்ட, ஆழத்திலிருந்து வரும் எதிரொலிகளை இயந்திரம் கூட்டிக் காட்டும். நீர் வழியாகப் போன ஒலி அவ்வளவாகத் தேய்வதில்லை. ஆனாலும் இயந்திரம் வழக்கம்போலவே கூட்டுகிறது. அதனால்தான் நீருக்குப் பின்னால் இருப்பது மட்டும் அதிக வெளிச்சமாகிறது.

நம் உதாரணத்தின் 22 மி.மீ. கட்டியில் இவை எல்லாம் இருந்தன. ரிப்போர்ட்டில் சிம்பிள் சிஸ்ட், பைராட்ஸ் 2 என்று இருக்கும். இது புற்றுநோயாக மாறும் கட்டி அல்ல. வலி தந்தால் ஊசியால் நீரை எடுக்கலாம், இல்லையென்றால் விட்டுவிடலாம். நீர்க்கட்டி என்று உறுதியான பிறகு வளர்ச்சித் திசையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதும் இல்லை. அது சதைக்கட்டிக்கு மட்டும் கேட்கும் கேள்வி.

*செய்யாதீர்கள்:* கறுப்பாகத் தெரிகிறது என்பதை மட்டும் வைத்து நீர் என்று முடிவு செய்யாதீர்கள். இந்தப் பட்டியலில் எனக்கு அதிகம் கவலை தரும் தவறு இதுதான். வேகமாக வளரும் சில புற்றுநோய்களில், குறிப்பாக இளம் பெண்களுக்கு வரும் டிரிபிள் நெகட்டிவ் வகையில், செல்கள் ஒரே சீராக நெருங்கி அடைந்திருக்கும். ஒலி சிதறுவதற்கு உள்ளே அதிகம் எதுவும் இருக்காது. கட்டி வட்டமாக, ஓரளவு தெளிவான விளிம்போடு, ஏறக்குறைய முழுக் கறுப்பாக, பின்னால் வெளிச்சத்தோடுகூடத் தெரியும். இயந்திரத்தில் கெயின் குறைவாக வைத்திருந்தால் சதையின் மெல்லிய சாம்பல் நிறமும் மறைந்துபோய், அசல் நீர்க்கட்டியாகவே தோன்றும்.

அனுபவமுள்ள ஸ்கேன் டாக்டர் அந்த இடத்தில் நின்று நிதானிப்பார். கெயினைக் கூட்டி உள்ளே சாம்பல் நிறம் எழுகிறதா என்று பார்ப்பார். கலர் டாப்ளர் போட்டு உள்ளே ரத்த ஓட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார். நீருக்குள் ரத்தக் குழாய் ஓடாது. ஓட்டம் தெரிந்தால் அது சதை. ஓட்டம் தெரியாததால் மட்டும் நீர் என்று ஆகிவிடாது, சின்னக் கட்டிகளில் ஓட்டம் பிடிபடாமல் போகலாம். பிறகு உங்களைத் திரும்பிப் படுக்கச் சொல்வார். நீரில் மிதக்கும் துகள்களாக இருந்தால் இடம் மாறும், சதை மாறாது. அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் ஊசிதான். நீர் வந்து கட்டி முழுதாக மறைந்தால் சரி. ஒன்றும் வராவிட்டாலோ, நீர் வந்தும் கட்டி மிச்சமிருந்தாலோ திசு எடுக்க வேண்டும். எடுத்த நீர் ரத்தச் சிவப்பாக இருந்தால் அதைக் கொட்டிவிடாமல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

*செய்யாதீர்கள்:* காம்ப்ளிகேட்டட் சிஸ்ட், காம்ப்ளெக்ஸ் சிஸ்ட் இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். முதலாவது, உள்ளே கலங்கல் மிதக்கும் நீர்க்கட்டி. அதில் புற்றுநோய்க்கான வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலும் சில மாதம் கழித்துத் திரும்பப் பார்த்தால் போதும். இரண்டாவது, தடித்த சுவரோ தடித்த தடுப்போ உள்ளே ஒட்டிய சதைத் துண்டோ உள்ளது. அதில் பயாப்சி வேண்டும். ரிப்போர்ட்டில் சிஸ்ட் என்ற சொல்லைப் பார்த்ததுமே நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடாமல், அதற்கு முன்னால் என்ன சொல் இருக்கிறது என்று படியுங்கள்.

வடிவம்

*செய்யுங்கள்:* சதைக்கட்டி என்று தெரிந்தால் முதலில் வடிவம். ரிப்போர்ட்டில் ஓவல், ரவுண்ட், இர்ரெகுலர் என்ற மூன்றில் ஒன்று இருக்கும். இரண்டு மூன்று மென்மையான வளைவுகள் இருந்தாலும் அது ஓவலில்தான் சேரும். இருபதுகளில் அதிகம் காணப்படும் ஃபைப்ரோஅடினோமா என்ற தீங்கற்ற கட்டி பெரும்பாலும் ஓவல்தான். எந்த வடிவத்திலும் அடங்காத இர்ரெகுலர் என்றால் சந்தேகம் எழும்.

*செய்யாதீர்கள்:* ஒரே ஒரு படத்தை வைத்து வடிவத்தைச் சொல்லாதீர்கள். ஒரு பக்கம் பார்க்கும்போது ஓவலாகத் தெரிவது, கருவியை 90 டிகிரி திருப்பினால் கோணல் மாணலாகத் தெரியலாம். எதிர்ப்பக்கமாகவும் நடக்கும்: மார்பின் கொழுப்பு மடல் ஒன்று குறுக்கே பார்த்தால் கட்டி போலவே இருக்கும், கருவியைத் திருப்பினால் நீண்டு பக்கத்துக் கொழுப்போடு சேர்ந்துவிடும். இரண்டு திசையிலும் கட்டியாகவே நின்றால்தான் அது கட்டி.

விளிம்பு

*செய்யுங்கள்:* சுற்றுக்கோடு முழுவதையும் ஓர் இடம் விடாமல் பார்க்க வேண்டும். கட்டி எங்கே முடிகிறது, சுற்றுத் திசு எங்கே தொடங்குகிறது என்று கூர்மையாகக் கோடு போட்டாற்போல் முழுச் சுற்றும் தெரிந்தால்தான் சர்க்கம்ஸ்கிரைப்ட் என்று எழுதலாம். அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் பைராட்ஸ் வகைப்பாடு அல்ட்ராசவுண்டுக்கான சொற்களை 2003-இல் சேர்த்தது. 2013-இல் வந்த ஐந்தாம் பதிப்பிலும் அல்ட்ராசவுண்ட் விளிம்புக்கு இந்த நிபந்தனை இருக்கிறது. சுற்றில் ஒரு சிறு பகுதி மங்கினாலும், கூர்முனையாக நீண்டாலும், சின்னச் சின்னப் பற்களாக இருந்தாலும், முள்முள்ளாகக் கிளைத்தாலும் அந்தப் பகுதிதான் கட்டிக்குப் பெயர் தரும்.

*செய்யாதீர்கள்:* "பெரும்பாலும் தெளிவான விளிம்பு" என்ற வாசகத்தை ஏற்காதீர்கள். மீதிப் பகுதியில் என்ன இருந்தது என்று கேளுங்கள். ஆபத்து அந்த மீதியில்தான் இருக்கக்கூடும். முன்பு அந்த இடத்தில் அறுவை சிகிச்சை நடந்திருந்தாலோ பலத்த அடி பட்டிருந்தாலோ அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். தழும்பும், அடிபட்டுக் கெட்டுப்போன கொழுப்பும் புற்றுநோயைப் போலவே முள்முள்ளாகத் தெரியும்.

வளர்ச்சித் திசை

இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மற்ற மூன்றையும்விட இதைத்தான் எளிதில் தவறாகப் படிக்கிறார்கள். தோல், கொழுப்பு, சுரப்பித் திசு, மீண்டும் கொழுப்பு, அதன் கீழ் தசை என்று மார்பு அடுக்கடுக்காக இருக்கிறது. படுத்திருக்கும்போது இந்த அடுக்குகள் பாய்களை அடுக்கி வைத்தது போலக் கிடக்கும். தீங்கற்ற கட்டி அடுக்குகளை விலக்கி நடுவில் இடம் பிடிக்கும், கிழித்துக்கொண்டு போகாது. அதனால் பக்கவாட்டில் நீளும். உயரத்தைவிட அகலம் கூடும். புற்றுநோய் அடுக்கைத் துளைத்து மேலும் கீழும் ஏறும். அதனால் சிறியதாக இருக்கும்போதே அகலத்தைவிட உயரம் கூடிவிடலாம். தோலுக்கு இணையாகக் கிடப்பதைப் பேரலல் என்றும், குத்திட்டு நிற்பதை நாட் பேரலல் என்றும் ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். 1995-இல் ஸ்டாவ்ரோஸும் அவருடன் சேர்ந்தவர்களும் 750 சதைக்கட்டிகளை இப்படி அடையாளம் அடையாளமாகப் பிரித்துப் பார்த்து வெளியிட்ட ஆய்வுக்குப் பிறகுதான், சதைக்கட்டியையும் அல்ட்ராசவுண்டை வைத்துத் தீங்கற்றது, சந்தேகத்துக்குரியது என்று பிரிக்கலாம் என்ற நம்பிக்கை பரவலாக வந்தது.

*செய்யுங்கள்:* ரிப்போர்ட்டில் பேரலல் அல்லது நாட் பேரலல் என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் ஸ்கேன் டாக்டரிடம் கேளுங்கள்: "கட்டி படுத்திருக்கிறதா, நிற்கிறதா?" இந்தக் கேள்விக்கு அவரால் உடனே பதில் சொல்ல முடியும்.

*செய்யாதீர்கள்:* எண்களின் வரிசையை வைத்து நீங்களாகத் திசையைக் கணிக்காதீர்கள். 9 × 7 × 8 மி.மீ. என்று எழுதியிருந்தால் 9 அகலமா உயரமா என்று அதிலிருந்து தெரியாது. பலர் மிக நீளமான அளவை முதலில் எழுதுவார்கள், அது எந்தத் திசையிலும் இருக்கலாம்.

*செய்யாதீர்கள்:* கருவியை அழுத்தி வைத்து எடுத்த படத்தில் திசையைப் படிக்காதீர்கள். இது ஸ்கேன் செய்பவர்களுக்கான பேச்சு. கை கனத்தால் மென்மையான கட்டி தட்டையாகிப் படுத்துவிடும். பின்னால் விழும் வெளிச்சமும் நிழலும்கூட மாறலாம். லேசான அழுத்தத்தில் இரண்டு திசையிலும் அளந்து, எதில் நிற்கிறதோ அதை எழுத வேண்டும். உருண்டையான சதைக்கட்டியும் படுத்த கணக்கில் சேராது. பைராட்ஸ் அதை நாட் பேரலல் என்றே கொள்கிறது.

*செய்யாதீர்கள்:* படுத்திருக்கிறது, அதனால் நல்லது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பல புற்றுநோய்கள், குறிப்பாகக் கொஞ்சம் வளர்ந்தவை, பக்கவாட்டிலும் பரவிப் படுத்தே கிடக்கும். நிற்கும் கட்டி சந்தேகத்தைக் கூட்டுகிறது. படுத்த கட்டி மற்ற எல்லா அடையாளமும் நன்றாக இருந்தால் மட்டுமே நிம்மதி தருகிறது.

உதாரணத்தின் சின்னக் கட்டி

இப்போது 2 மணி நிலைக்குப் போவோம். கெயின் சரியாக இருக்கும்போது உள்ளே சாம்பல் நிறம், அதனால் சதை. வடிவம் ஒரு திசையில் ஓவல், 90 டிகிரி திருப்பினால் இர்ரெகுலர். விளிம்பு மூன்று பக்கம் தெளிவு. தசையை நோக்கிய பக்கத்தில் ஒரு கூர்முனை. உயரம் 9, அகலம் 7. அழுத்தத்தைத் தளர்த்தினாலும் நிற்கிறது. அவசரத்தில் ஒரே படம் எடுத்திருந்தால் "ஓவல், பெரும்பாலும் தெளிவான விளிம்பு" என்று எழுதி, ஆறு மாதம் கழித்து வரச் சொல்லியிருப்பார்கள். ரிப்போர்ட்டில் இது பைராட்ஸ் 4-இல் வரும். அந்த எண்ணுக்குள் 4ஏ என்றால் புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 முதல் 10 சதவீதம், 4பி என்றால் 50 வரை, 4சி என்றால் 95-க்குக் கொஞ்சம் கீழே வரை. மூன்று அடையாளங்களும் ஒருசேரக் கெட்டிருப்பதால் இதை 4சி என்று எழுதுவது பொருத்தம்.

*செய்யுங்கள்:* 4 என்று வந்தால் அந்த வாரமே பயாப்சிக்கு நாள் வாங்குங்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே, தோலை மரத்துப்போகச் செய்து, பெரும்பாலும் 14 கேஜ் ஊசியால் திசுத் துண்டுகள் எடுப்பார்கள். அன்றே வீட்டுக்குப் போய்விடலாம்.

*செய்யாதீர்கள்:* திசு முடிவு வருவதற்கு முன் 4 என்ற எண்ணைப் புற்றுநோய் என்று யாரிடமும் சொல்லாதீர்கள், உங்களிடமேகூட. 4ஏ என்று குறித்த கட்டிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தீங்கற்றவையாகவே முடியும். அதேபோல், பயாப்சி செய்யாமல் நேரே கட்டியை அறுத்து எடுக்கவும் சம்மதித்துவிடாதீர்கள். புற்றுநோய் என்று முன்பே தெரிந்தால் அறுவையைத் திட்டமிடும் விதமே வேறு.

3 என்று வந்தால்

ஓவல், தெளிவான விளிம்பு, படுத்த சதைக்கட்டி: இந்த மூன்றும் சேர்ந்தால் பெரும்பாலும் பைராட்ஸ் 3. புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை.

*செய்யுங்கள்:* 6, 12, 24 மாதங்களில் திரும்ப ஸ்கேன் எடுங்கள். முடிந்தவரை அதே இடத்தில் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட்டு, அதே திசையில் அளக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்தில் மிக நீண்ட அளவு 20 சதவீதத்துக்கு மேல் கூடினால், அதாவது 15 மி.மீ. கட்டி 18-ஐத் தாண்டினால், திசு எடுப்பதைப் பற்றிப் பேச வேண்டும். விளிம்பு மாறினால் அளவு கூடாவிட்டாலும் பேச வேண்டும்.

*செய்யாதீர்கள்:* முதல் ஆறு மாதம் நன்றாக வந்துவிட்டது என்று அடுத்ததை விட்டுவிடாதீர்கள். கைக்குக் கட்டி தெளிவாகத் தட்டுப்படும்போது ஸ்கேன் இயல்பு என்று வந்தாலும் அதோடு நிறுத்தாதீர்கள். அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவர் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்.

பயாப்சி முடிவு வந்த பிறகு

*செய்யுங்கள்:* "இந்த முடிவு ஸ்கேனில் பார்த்ததோடு பொருந்துகிறதா?" என்று கேளுங்கள். ஓவலாகப் படுத்திருந்த கட்டிக்கு ஃபைப்ரோஅடினோமா என்று வந்தால் பொருந்துகிறது. நம் உதாரணத்தின் சின்னக் கட்டி போல நின்று, கூர்முனை காட்டிய ஒன்றுக்கு "சாதாரண மார்பகத் திசு" என்று வந்தால் பொருந்தவில்லை. ஊசி கட்டியைத் தவறவிட்டிருக்கலாம்.

*செய்யாதீர்கள்:* அப்படிப் பொருந்தாத முடிவை நல்ல செய்தியாக வாங்கிக்கொண்டு கோப்பை மூடிவிடாதீர்கள். ஸ்கேன் டாக்டரும் திசுவைப் பார்த்தவரும் ஒருவரோடு ஒருவர் பேசி, மறுபடி ஊசியா அல்லது அறுவையில் எடுத்துப் பார்ப்பதா என்று சொல்லும் வரை காத்திருங்கள். அந்தப் பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.